செட்டில்மெண்ட்டில் கூடுதலாகப் போன 27,000 ரூபாயைத் திருப்பிக் கேட்பது எப்படி?

கேள்வி: திருப்பூரில் 60 பேர் வேலை செய்யும் ஏற்றுமதி கம்பெனி எங்களுடையது. 6 வருஷம் 8 மாசம் மெர்ச்சண்டைசராக இருந்தவர் 2025 செப்டம்பர் 30 அன்று விலகினார். பேசிக், டிஏ சேர்த்து 26,000. கிராஜுவிட்டி 90,000, லீவ் பணம் 41 நாளுக்கு 41,000 என்று அக்டோபர் 10-ல் ஃபைனல் செட்டில்மெண்ட் போட்டுவிட்டோம். இப்போது ஆடிட்டர், லீவ் பாக்கி 14 நாள்தான், எண் இடம் மாறிவிட்டது என்கிறார். நோ டியூஸ் இரண்டு பக்கமும் கையெழுத்தாகிவிட்டது. 27,000-ஐ எப்படிக் கேட்பது? நோட்டீஸ் பீரியடில் 15 நாள் குறைவாகத்தான் இருந்தார், அதையும் சேர்க்கலாமா? தர மறுத்தால் என்ன வழி?

பதில்:

கடிதம் எழுதும் முன் கிராஜுவிட்டிக் கணக்கை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அதில் நீங்கள் 15,000 ரூபாய் குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

26,000-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,000. வருஷத்துக்கு 15 நாள் வீதம் 15,000. நீங்கள் கொடுத்த 90,000 என்பது 6 வருஷத்துக்கான தொகை. ஆனால் அவர் இருந்தது 6 வருஷம் 8 மாதம். 1972-ஆம் வருஷத்து கிராஜுவிட்டி சட்டப்படி, கடைசியில் மிஞ்சும் மாதங்கள் ஆறுக்கு மேல் போனால் அதை முழு வருஷமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் 7 வருஷம், 1,05,000 ரூபாய். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. உங்கள் ஆடிட்டர் கம்பெனிக்கு நஷ்டமான பிழையைப் பிடித்தார், ஊழியருக்கு நஷ்டமான பிழையைப் பிடிக்கவில்லை. ஆடிட்டர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் எந்தக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறார்களோ அந்தப் பிழைதான் தெரியும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சம்பளப் பிரிவில் சேர்ந்த புதிதில், ஒரு மில்லில், வேலையை விட்டுப்போன ஃபிட்டர் ஒருவருக்கு 6,000 ரூபாய் அதிகம் போனதைக் கண்டுபிடித்து, ‘7 நாளுக்குள் கட்டவும், தவறினால் சட்ட நடவடிக்கை’ என்று நானே டைப் அடித்து அனுப்பினேன். பத்தாம் நாள் அவர் யூனியன்காரர் ஒருவரோடு வந்து, இரண்டு மாதத்து ஓவர்டைம் கார்டுகளை மேஜையில் வைத்தார். அதை நாங்கள் சேர்க்கவே இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தபோது கடைசியில் நாங்கள்தான் அவருக்குப் பணம் கொடுத்தோம். அன்றிலிருந்து யாரிடமாவது பணம் திருப்பிக் கேட்க வேண்டுமென்றால், பிழை கிடைத்த வரியோடு நிறுத்தாமல் அந்த செட்டில்மெண்ட் தாளை முதல் வரியிலிருந்து மறுபடி போடுவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கடைசி மாதச் சம்பளம், நிலுவையில் இருந்த பயண பில், இன்சென்டிவ், முன்பணம் என்று எல்லாவற்றையும் பாருங்கள். அவருக்குச் சேரவேண்டியது ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதை நீங்களே சொல்வது நல்லது, அவர் கண்டுபிடித்துச் சொல்வது நல்லதல்ல.

அடுத்து, நோ டியூஸ். ‘இரு தரப்புக்கும் இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டதால் கதை முடிந்தது என்று பயப்பட வேண்டாம். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு, தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. அந்தப் பிரிவின் கீழே சட்டமே ஓர் உதாரணமும் கொடுக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒருவருக்கு 100 ரூபாய் தரவேண்டும். ஒருவர் அதை முழுசாகக் கொடுத்துவிடுகிறார். அது தெரியாமல் மற்றவரும் 100 ரூபாய் கொடுக்கிறார். இரண்டாவதாக வாங்கிய 100-ஐத் திருப்பித் தர வேண்டும். வாங்கியவர் ஏமாற்றினாரா, இல்லையா என்ற கேள்வியே அங்கே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் விஷயமும் அதுதான். அவர் மேல் குற்றம் சொல்லாமலே பணத்தைக் கேட்க முடியும்.

ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள்தான் மனசாட்சியோடு சொல்ல வேண்டும். அந்த 1,31,000 ரூபாய் கணக்குப் போட்டு வந்த தொகையா, பேசி முடித்த தொகையா? வேலையை விடும்போது ஏதாவது தகராறு இருந்து, ‘சரி, லீவ் கணக்கில் கொஞ்சம் சேர்த்துப் போட்டுக்கொடுத்து முடித்துவிடலாம்’ என்று முதலாளி வாய்மொழியாகச் சொல்லியிருந்தால், அது பிழையே அல்ல, சமரசம். சமரசத் தொகையைப் பிழை என்று சொல்லித் திருப்பிக் கேட்க முடியாது. அந்தச் சமயத்து மெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லை, 14 என்பதை 41 என்று டைப் செய்ததுதான் நடந்தது என்றால் உங்கள் கால் நிலத்தில் ஊன்றியிருக்கிறது.

நோட்டீஸ் பீரியடின் 15 நாளும் இந்த இடத்தில்தான் வருகிறது. அதைச் சேர்க்காதீர்கள். அவர் குறைவாக இருந்தது உங்களுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தே பிடிக்காமல் விட்டு, ரிலீவிங் ஆர்டரும் கொடுத்தீர்கள். தெரிந்து விட்டுக்கொடுத்தது தவறுதலாகக் கொடுத்தது ஆகாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, தனக்குச் சேரவேண்டியதை ஒருவர் விட்டுக்கொடுக்கலாம் என்கிறது. நீங்கள் செய்ததும் அதைத்தான். இப்போது அதையும் சேர்த்துக் கேட்டால், ஒரு எண் இடம் மாறிய எளிய கதை, ‘போனவனிடம் கறக்கப் பார்க்கிறார்கள்’ என்ற கதையாகிவிடும். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவர் அப்படித்தான் வெளியே சொல்வார். மெர்ச்சண்டைசர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்த ஊர் திருப்பூர். உங்களிடம் அடுத்து வேலைக்கு வருகிறவரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வருவார்.

சரி, இப்போது தொகை. லீவில் அதிகம் போனது 27,000. கிராஜுவிட்டியில் குறைந்தது 15,000. கிராஜுவிட்டியை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் சேரவேண்டிய நாளிலிருந்தே தனிவட்டி உண்டு, அறிவிக்கப்பட்ட விகிதம் 10 சதவீதம். 15,000-க்கு மாதம் 125 ரூபாய். டிசம்பர் 15-ஆம் தேதி கொடுப்பதாக வைத்தால் இரண்டரை மாதம், 312 ரூபாய் 50 காசு, 313 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக நீங்கள் அவருக்குத் தரவேண்டியது 15,313, அவர் உங்களுக்குத் தரவேண்டியது 27,000, நிகரம் 11,687.

நீங்களாகவே இந்த இரண்டையும் கழித்துக்கொண்டு ‘11,687 அனுப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். கிராஜுவிட்டிக்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. கோர்ட் டிகிரி வைத்திருப்பவர்கூட அதை ஜப்தி செய்ய முடியாது. முதலாளி பிடித்துக்கொள்ள அனுமதிக்கும் காரணங்கள் மிகச் சில. அவையும் வேலையில் இருந்தபோது அவர் செய்த குற்றம், கம்பெனிச் சொத்துக்கு விளைவித்த சேதம் போன்றவை. உங்கள் டைப்பிங் பிழை அதில் சேராது. எனவே தேர்வை அவரிடம் விடுங்கள். ‘இரண்டையும் தனித்தனியாகவே செய்துகொள்ளலாம், அல்லது நீங்கள் எழுத்தில் சம்மதித்தால் கழித்துக்கொண்டு 11,687 மட்டும் அனுப்பலாம்’ என்று கேளுங்கள். பெரும்பாலானோர் கழித்துக்கொள்ளவே சொல்வார்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் 15,313-ஐ அனுப்பிவிடுங்கள். ‘அவன் 27,000 தராமல் நாம் ஏன் அனுப்ப வேண்டும்’ என்று முதலாளி கேட்பார். இதைப் பிடித்து வைத்தால் வட்டி ஏறும், நாளைக்கு லேபர் ஆபீஸில் முதல் புகார் உங்கள் மேல்தான் இருக்கும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கடிதத்துக்கு முன்னால் ஒரு போன். அதை முதலாளி பேச வேண்டாம், வக்கீலும் வேண்டாம். அவரோடு நன்றாகப் பழகிய அக்கவுண்ட்ஸ் ஆளோ, ஹெச்.ஆரோ பேசட்டும். பேச்சு இவ்வளவு போதும்: ‘நல்லா இருக்கீங்களா தம்பி? உங்க செட்டில்மெண்ட்ல எங்க பக்கம் ரெண்டு தப்பு நடந்திருக்குங்க. கிராஜுவிட்டி ஒரு வருஷத்துக்குக் கம்மியாப் போட்டுட்டோம். லீவ் பதினாலு நாள், நாப்பத்தொண்ணுன்னு அடிச்சுட்டோம். கணக்கை மெயில்ல அனுப்பறேன், உங்க சம்பளச் சீட்டை வெச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க.’ அவ்வளவுதான். போனில் தொகைக்குச் சண்டை போடக் கூடாது, எப்போது தருவீர்கள் என்றும் கேட்கக் கூடாது. அவருக்கு அது அதிர்ச்சியான செய்தி. பணம் வந்து இரண்டு மாதம் ஆகிறது, அநேகமாகச் செலவாகியிருக்கும். யோசிக்க ஒரு நாள் கொடுத்தால், அடுத்த பேச்சு வேறு மாதிரி இருக்கும். ‘எனக்கு அன்றைக்கே தெரியுமே’ என்று அவர் சொன்னாலும் ‘தெரிந்தும் ஏன் சொல்லவில்லை’ என்று மடக்காதீர்கள். பிழை உங்களுடையது.

அன்று மாலையே கடிதம் போக வேண்டும். மெயிலிலும் தபாலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, எனவே கையொப்பத்தோடு பட்டுவாடா ஆகும் வகையைக் கேட்டு வாங்குங்கள். கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

‘அன்புள்ள திரு. ……… அவர்களுக்கு,

வணக்கம். 10.10.2025 அன்று உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்திய இறுதிக் கணக்கைச் சரிபார்த்ததில் எங்கள் தரப்பில் இரண்டு பிழைகள் நடந்திருப்பது தெரியவந்துள்ளது. இரண்டும் எங்கள் பிழைகள். உங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்.

முதலாவது, விடுப்புத் தொகை. ஆகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டின்படி உங்கள் மீதி விடுப்பு 13 நாள். செப்டம்பருக்குச் சேர்ந்தது 1 நாள். மொத்தம் 14 நாள். இறுதிக் கணக்கில் இது 41 எனத் தவறாகப் பதிவாகியுள்ளது. நாள் ஒன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் 14,000 ரூபாய்க்குப் பதில் 41,000 ரூபாய் செலுத்தியுள்ளோம். கூடுதலாகச் சென்றது 27,000 ரூபாய்.

இரண்டாவது, கிராஜுவிட்டி. உங்கள் பணிக்காலம் 6 ஆண்டு 8 மாதம். இதை 7 ஆண்டாகக் கணக்கிட்டிருக்க வேண்டும். 6 ஆண்டுக்கே கணக்கிட்டுள்ளோம். உங்களுக்குச் சேரவேண்டியது 15,000 ரூபாய், 15.12.2025 வரை வட்டி 313 ரூபாய், மொத்தம் 15,313 ரூபாய்.

விடுப்புப் பதிவேட்டின் நகல், ஆகஸ்ட் சம்பளச் சீட்டு, பழைய இறுதிக் கணக்கு, திருத்திய இறுதிக் கணக்கு ஆகியவற்றை இணைத்துள்ளோம். இந்தக் கணக்கில் ஏதேனும் தவறு இருப்பதாக நீங்கள் கருதினால், உங்களிடம் உள்ள ஆதாரத்துடன் தெரிவியுங்கள். சரிபார்த்துப் பதில் தருகிறோம்.

கணக்கு சரியென்றால், 27,000 ரூபாயைத் திருப்பிச் செலுத்தும்படிக் கேட்டுக்கொள்கிறோம். உங்களுக்குச் சேரவேண்டிய 15,313 ரூபாயை இதில் கழித்துக்கொள்ள நீங்கள் எழுத்தில் சம்மதித்தால், 11,687 ரூபாய் மட்டும் செலுத்தினால் போதும். ஒரே தடவையில் செலுத்த இயலாவிட்டால் மூன்று மாதத் தவணைகளாகச் செலுத்தலாம். வட்டி எதுவும் இல்லை.

எந்த வழி உங்களுக்கு வசதி என்பதை 22.12.2025-க்குள் தெரிவியுங்கள். முதல் தவணையோ முழுத் தொகையோ 15.01.2026-க்குள் வந்துசேர வேண்டும். கம்பெனியின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள், ரொக்கமாக யாரிடமும் தர வேண்டாம்.

உங்கள் பணி அனுபவச் சான்றிதழ், பி.எஃப். ஆகியவற்றுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.’

இதில் நான் வேண்டுமென்றே வைத்திருக்கும் சில விஷயங்களைச் சொல்கிறேன். 14 நாள் என்பதை ‘எங்கள் பதிவேட்டின்படி’ என்று மட்டும் எழுதினால் அவர் நம்ப வேண்டிய அவசியமில்லை, பதிவேடு உங்கள் கையில் இருக்கிறது. ஆகஸ்ட் சம்பளச் சீட்டில் மீதி விடுப்பு அச்சாகியிருக்கிறது, அது அவர் மெயிலிலும் கிடக்கிறது. அவரிடம் ஏற்கெனவே இருக்கும் தாளிலிருந்து அவரே கூட்டிப் பார்க்கும்படிக் கணக்கு இருக்க வேண்டும். அப்படி ஒரு தாள் இல்லாவிட்டால், உதாரணமாக உங்கள் சீட்டில் லீவ் பாக்கி அச்சாவதே இல்லையென்றால், அவர் மெயிலில் கேட்டு நீங்கள் ஒப்புதல் கொடுத்த லீவ்களை மாதவாரியாக எடுத்துப் பட்டியல் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். அதுவும் முடியாது, பதிவேடே பென்சிலில் இருக்கிறது என்றால், உண்மையைச் சொல்கிறேன், இந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள்.

தேதி இரண்டு கொடுத்திருப்பதும் காரணத்தோடுதான். பதில் சொல்ல ஒரு தேதி, பணம் வர ஒரு தேதி. ஒரே தேதி கொடுத்தால், பணம் இல்லாதவர் அந்தத் தேதிவரை வாயே திறக்க மாட்டார். பதிலுக்குத் தனித் தேதி இருந்தால், ‘ஜனவரியில் 4,000 தருகிறேன்’ என்றாவது ஒரு வரி வரும். அந்த ஒரு வரி மெயிலே கடனை ஒப்புக்கொண்டதற்கான எழுத்து ஆதாரம். வட்டி கேட்காததற்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தப்பு செய்தவர்கள் நீங்கள், உங்கள் தப்புக்கு அவரிடம் வட்டி கேட்டால் அவர் சிரிப்பார். முதல் கடிதத்தில் ‘சட்ட நடவடிக்கை’ என்ற வார்த்தையும் இல்லை. அது இல்லாததால் கடிதம் பலவீனமாகிவிடவில்லை, தொகை, ஆதாரம், தேதி மூன்றும் இருக்கின்றன.

உங்கள் பிழை லீவ் பணத்தில் நடந்தது ஒரு வகையில் நிம்மதி. வேலையை விடும்போது தரும் லீவ் பணம் தனியார் ஊழியருக்கும் வரம்புக்குள் வருமான வரிவிலக்கு பெற்றது, பி.எஃப்.பும் அதில் பிடிப்பதில்லை. அதனால் கணக்கில் போட்டதும் அவர் கையில் போய்ச் சேர்ந்ததும் ஒரே தொகை. இதே பிழை சம்பளத்தில் நடந்திருந்தால், உதாரணமாக மாதச் சம்பளம் ஒருமுறை போய், செட்டில்மெண்ட்டில் இன்னொரு முறை போயிருந்தால், அவருக்குக் கிடைத்தது டி.டி.எஸ். போகத்தான். கையில் கிடைத்ததைத்தான் அவரிடம் கேட்க வேண்டும். அரசுக்குப் போன வரியையும் சேர்த்து அவரிடம் கேட்பது நான் பார்த்த மிகச் சாதாரணமான அநியாயம். வரியை உங்கள் காலாண்டு ரிட்டர்னில் நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டும், ஃபார்ம் 16 கொடுக்கும் முன்பே அதைச் செய்துவிட்டால் அவருடைய வரிக் கணக்கிலும் குழப்பம் வராது.

பதில் எப்படி வரும்? பாதிப் பேர் ‘சரிங்க, கழிச்சுக்கங்க’ என்பார்கள். சிலர் இணையத்தில் தேடி, ‘ஊழியரிடம் அதிகப்படியாகக் கொடுத்ததைத் திருப்பி வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது’ என்று ஒரு தீர்ப்பை அனுப்புவார்கள். அது பெரும்பாலும் பஞ்சாப் அரசு எதிர் ரஃபிக் மசீஹ் வழக்கில் 2014 டிசம்பரில் வந்த தீர்ப்பாக இருக்கும். கீழ்நிலை அரசு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஐந்து வருஷத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்த அதிகச் சம்பளம் என்று சில நிலைமைகளில் வசூலிக்கக் கூடாது என்று அதில் சொன்னார்கள். அது அரசு ஊழியர்களைப் பற்றிய வழக்கு. இரண்டே மாதத்தில் கண்டுபிடித்த, ஒரே தடவை போன, தனியார் கம்பெனித் தொகையை அது நேரடியாகத் தடுக்காது. ஆனாலும் அதை அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள். யார் பிழை, எவ்வளவு நாள் கழித்துக் கேட்கிறார்கள், கேட்கப்படுகிறவரின் நிலைமை என்ன என்று அந்த நீதிபதிகள் பார்த்ததைத்தான் எந்த நீதிபதியும் பார்ப்பார். நீங்கள் மூன்று வருஷம் கழித்து இந்தக் கடிதத்தை எழுதினால் நிலைமையே வேறு.

‘பணம் செலவாகிவிட்டது’ என்று வந்தால், நம்புங்கள், தவணையை நீட்டுங்கள். 11,687-ஐ மாதம் 2,000 என்று ஆறு மாதத்துக்கு நீட்டினாலும் கம்பெனி கவிழ்ந்துவிடாது. அதிலும் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். தேதியும் தொகையும் அவர் மெயிலில் அவரே எழுதியதாக இருக்க வேண்டும்.

பதிலே வராவிட்டால் 15 நாள் கழித்து இரண்டாவது கடிதம். அதில் முதல் கடிதத்தை நினைவூட்டி, ஒப்பந்தச் சட்டம் 72-ஐக் குறிப்பிட்டு, இன்னொரு 15 நாள் கெடு கொடுத்து, அதற்குப் பிறகு சட்ட வழியில் போவோம் என்று சொல்லலாம். இப்போது சொன்னால் அந்த வார்த்தைக்கு எடை இருக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் நேராக வழக்குக்கு ஓடாமல் உங்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுங்கள். கோர்ட் கட்டணம் கிடையாது. அவர்கள் இரு தரப்பையும் கூப்பிட்டு மக்கள் நீதிமன்றத்தில் உட்காரவைப்பார்கள். அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்தானால் அது கோர்ட் டிகிரிக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் இல்லை. ஆனால் அவர் வந்து சம்மதித்தால்தான் அது நடக்கும். வராவிட்டால் மிச்சம் இருப்பது உரிமையியல் நீதிமன்றத்தில் பணம் கேட்டு வழக்கு. அதற்குக் காலவரம்பு மூன்று வருஷம். அத்தனை தூரம் போகும் முன், வக்கீல் ஃபீஸையும் உங்கள் ஹெச்.ஆர். கோர்ட்டில் காத்திருக்கப்போகும் நாட்களையும் கூட்டிப் பாருங்கள். கிராஜுவிட்டியை அனுப்பிவிட்ட பிறகு நிற்பது 27,000. அதற்காக நான் வழக்குப் போடச் சொல்ல மாட்டேன், 2,70,000 என்றால் சொல்வேன்.

கோபத்தில் செய்யத் தோன்றும் சில காரியங்கள் உண்டு, அவற்றில் எதையும் செய்யாதீர்கள். பேங்கில் சொல்லி அவர் கணக்கிலிருந்து திருப்பி எடுக்கப் பார்ப்பது நடக்காது, சரியான கணக்குக்குப் போய்ச் சேர்ந்த பணத்தை அவர் சம்மதமில்லாமல் பேங்க் தொடாது. பி.எஃப். தளத்தில் விலகிய தேதியைப் போடாமல் இழுத்தடிப்பதும் வீண், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனால் அவரே போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட மோசம், அவருடைய புதுக் கம்பெனியின் ஹெச்.ஆருக்குப் போன் போடுவது. பணம் தரவேண்டியவர் என்ற நிலையிலிருந்து, அவப்பெயர் உண்டாக்கியதற்காக உங்கள் மேல் நோட்டீஸ் விடக்கூடியவர் என்ற நிலைக்கு ஒரே போனில் அவரை மாற்றிவிடுவீர்கள். 41 என்று அடித்த உங்கள் கிளார்க்கின் சம்பளத்திலும் பிடிக்காதீர்கள். செட்டில்மெண்ட் தாளில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள், அநேகமாக அது காலியாக இருக்கும் அல்லது உங்களுடையதாக இருக்கும்.

இந்த இடம் இனிமேல் இன்னும் முக்கியம். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. முன்பு 45 நாள் இழுத்தவர்கள் எல்லாம் இனி அவசரத்தில் கணக்குப் போடப்போகிறார்கள், இப்படிப்பட்ட பிழைகள் கூடத்தான் செய்யும். அதனால் கடைசி நாளைக்கு ஒரு வாரம் முன்பே லீவ் பாக்கியையும் சேவைக்காலத்தையும் விலகுகிறவருக்கே மெயிலில் அனுப்பி, ‘சரியா’ என்று கேட்டு வாங்கிவிடுங்கள். 14-ஐ 41 என்று அனுப்பியிருந்தால் அவரே சிரித்துக்கொண்டு திருத்தியிருப்பார், 6 வருஷம் என்று அனுப்பியிருந்தால் சிரிக்காமல் திருத்தியிருப்பார்.

பணம் வந்ததும் ரசீதோடு விட்டுவிடாமல், திருத்திய இறுதிக் கணக்கில் இருவரும் மறுபடி கையெழுத்துப் போடுங்கள். பழைய நோ டியூஸை ரத்து செய்து புதிய தேதியில் ஒன்று கொடுங்கள். தவணையாக வந்தால் ஒவ்வொரு தவணைக்கும் மீதி எவ்வளவு என்று எழுதி மெயில் அனுப்புங்கள், கடைசித் தவணையன்று ‘மீதி 0’ என்று.